ஓடைக்கரைப் புல் பட்டை: அகலத்தை முடிவு செய்வதற்கு முன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

வயலுக்கும் ஓடைக்கும் நடுவில் புல்லும் மரமும் வளர்த்து ஒரு பட்டை விட்டால், வயலிலிருந்து வழியும் மண்ணையும் உரத்தையும் அது பிடித்துக்கொள்ளும். இதைக் கேள்விப்பட்டு முதன்முதலாக இறங்குகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை மீட்டர் விட வேண்டும்? 5 மீட்டர் போதும் என்று ஒருவர் சொல்வார், 30 மீட்டர் இல்லாமல் பயனே இல்லை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுக்கும் ஆதாரமாக நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. இருவரும் வேறு வேறு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள், அதுதான் விஷயம்.

வயலிலிருந்து தண்ணீர் ஓடைக்குப் போக நான்கு வழிகள் உண்டு. நிலத்தின் மேல் மெல்லிய படலமாகப் பரவி வரலாம். மேலேயே ஓரிடத்தில் கூடி, சிறு வாய்க்காலாகப் பாயலாம். மண்ணுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் கசிந்து வரலாம். வயலுக்கடியில் வடிகால் குழாய் புதைத்திருந்தால், அதன் வழியே நேராக ஓடையில் விழலாம். முதல் வழிக்குக் குறுகிய புல் பட்டையே நன்றாக வேலை செய்யும். இரண்டாவதற்கு அகலத்தை மட்டும் கூட்டிப் பலனில்லை. மூன்றாவதில் புல்லைவிட அடிமண்தான் முடிவு செய்யும். நான்காவதில் பட்டை எத்தனை அகலம் இருந்தாலும் தண்ணீர் அதைத் தொடாமலே போய்விடும். அதனால் டேப்பை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதல் படி: மழையில் வயலோரம் நடந்து பாருங்கள்

நல்ல மழை பெய்து, நிலம் நனைந்து, தண்ணீர் வழியத் தொடங்கும் நேரத்தில் ஓடைக்கரையோரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வேண்டும். கையில் நாலைந்து குச்சிகள் இருந்தால் போதும். தண்ணீர் கூடி வந்து ஓடையில் இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள். மழையில் போக முடியாவிட்டால் மறுநாள் போகலாம். சருகும் வைக்கோல் துண்டும் ஒதுங்கிய கோடுகள், புல் ஒரே திசையில் படுத்திருக்கும் இடங்கள், மண்ணில் கீறலாக ஓடிய சிறு பள்ளங்கள், ஓடைக்கரை அரித்து உள்வாங்கிய இடங்கள், இவையெல்லாம் தண்ணீர் போன தடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலான வயல்களில் தண்ணீர் கரை நெடுகச் சமமாக வருவதில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நான்கு பண்ணைகளை அளந்து டாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே பட்டைகளின் சராசரி அகலம் 9 முதல் 35 மீட்டர் வரை இருந்தது, பரப்பு 1.5 முதல் 7.2 ஹெக்டேர் வரை. ஆனால் வழிந்துவந்த தண்ணீர் உண்மையில் தொட்ட பரப்பு 0.2 முதல் 1.3 ஹெக்டேர்தான். தண்ணீர் சமமாகப் பரவியிருந்தால் ஒரு பண்ணையின் பட்டை வண்டலில் 99% பிடித்திருக்கும் என்று கணக்கு சொன்னது. பரவாமல் கூடி வந்ததால் அதே பட்டைக்கு 43%தான் தேறியது. இன்னொரு பண்ணையில் 67% என்றிருக்க வேண்டியது 15% ஆனது.

நிலம் விட்டாயிற்று, புல்லும் நன்றாக வளர்ந்திருக்கிறது, ஆனாலும் ஓடை கலங்கித்தான் வருகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாம் படி: எதைப் பிடிக்கப் போகிறீர்கள்?

வழிந்தோடும் தண்ணீரில் வருவதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, மண் துகள்கள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸையும் இதில் சேர்க்க வேண்டும், உழுத வயல்களிலிருந்து வரும் மணிச்சத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. இரண்டு, தண்ணீரில் கரைந்த பாஸ்பரஸ். மூன்று, தழைச்சத்தின் கரையும் வடிவமான நைட்ரேட். இது மண்ணோடு ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும், முக்கியமாக மண்ணுக்குள் இறங்கிப் போகும்.

துகள்களைப் பிடிப்பது எளிது. நெருக்கமான புல் தண்டுகளில் மோதித் தண்ணீரின் வேகம் குறைந்தால் மணலும் உருண்டைத் துகள்களும் முதல் சில மீட்டரிலேயே படிந்துவிடும். நுண்ணிய களிமண் துகள் அவ்வளவு சீக்கிரம் படியாது. தண்ணீர் புல்வேர் மண்ணுக்குள் இறங்கினால்தான் அது வடிகட்டப்படும். பாஸ்பரஸ் அதிகமாக ஒட்டியிருப்பது இந்த நுண்துகளில் என்பதால், வண்டல் பிடிபடும் அளவுக்கு மணிச்சத்து பிடிபடுவதில்லை.

வர்ஜீனியாவில் தில்லாஹாவும் குழுவும் செயற்கை மழை பெய்வித்து நடத்தி 1989இல் வெளியிட்ட சோதனையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 9.1 மீட்டர் புல் பட்டை வண்டலில் 84%, பாஸ்பரஸில் 79%, தழைச்சத்தில் 73% பிடித்தது. பாதி அகலமான 4.6 மீட்டரில் அவை 70, 61, 54 சதவீதம். முதல் ஐந்து மீட்டரிலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிடுவதைக் கவனியுங்கள். அடுத்த ஐந்து மீட்டர் கூடுதலாகத் தருவது 14 முதல் 19 சதவீதப் புள்ளிகள்தான். அதே சோதனையில் கரைந்த சத்துகள் சில சமயம் உள்ளே வந்ததைவிட அதிகமாக வெளியேறின. முன்பு படிந்த வண்டலிலிருந்து அவை கரைந்து போயிருந்தன.

அயோவாவில் பேர் கிரீக் ஓடையோரம் லீ, ஐசன்ஹார்ட், ஷுல்ட்ஸ் மூவரும் இயற்கை மழையில் அளந்து 2003இல் எழுதிய முடிவும் முக்கியமானது. சுமார் 7 மீட்டர் ஸ்விட்ச் புல் மட்டும் இருந்தபோது வண்டல் 95% நின்றது, மொத்த பாஸ்பரஸ் 78%, நைட்ரேட் 62%. அதன் கீழே இன்னும் 9 மீட்டர் மரமும் புதரும் சேர்த்து 16 மீட்டராக்கியபோது வண்டல் 97% என்று கொஞ்சம்தான் ஏறியது. பாஸ்பரஸ் 91 சதவீதத்துக்கும் நைட்ரேட் 85 சதவீதத்துக்கும் போயின. வண்டலுக்காக என்றால் குறுகிய புல்லே போதும், கரைந்த சத்துக்காக என்றால் கூடுதல் அகலம் வேலை செய்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சதவீதங்களை அப்படியே உங்கள் வயலுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. வர்ஜீனியாவில் பட்டைக்கு மேலே இருந்த நிலத்தின் நீளம் 18 மீட்டர், அயோவாவில் 22 மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் பட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் நான்கு சதுர மீட்டர் வயல்தான் வடிந்தது. உண்மையான வயலில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்குப் பதினைந்து, இருபது சதுர மீட்டர் வயல் சர்வசாதாரணம். சோதனை முடிவைப் படிக்கும்போது அகலத்தைப் பார்க்கிற பலர் இந்த விகிதத்தைப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், பட்டை வடிவமைப்பில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் இந்த விகிதத்தைத்தான் பார்ப்பேன்.

மூன்றாம் படி: விகிதத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். ஓடையோரம் 200 மீட்டர், ஓடையிலிருந்து மேட்டுப்பக்கம் 150 மீட்டர், மொத்தம் 3 ஹெக்டேர். சரிவு 3% போல மிதமானது. கரை நெடுக 10 மீட்டர் பட்டை விடலாம் என்று ஒருவர் நினைக்கிறார். பட்டைப் பரப்பு 2,000 சதுர மீட்டர், வயல் 30,000. விகிதம் 15:1. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

மழையில் நடந்து பார்த்தால் வேறு கதை. வயலின் நடுவே ஒரு தாழ்வான மடிப்பு. பாதி வயலின் தண்ணீர் அதில் கூடி, 12 மீட்டர் அகலத்தில் பட்டைக்குள் நுழைகிறது. மீதிப் பாதி ஏறக்குறையப் பரவலாக வருகிறது. இப்போது தாழ்வுக்கு மட்டும் கணக்கு: வடியும் நிலம் 15,000 சதுர மீட்டர், தண்ணீர் தொடும் புல் 12 × 10 = 120 சதுர மீட்டர். விகிதம் 125:1.

தண்ணீரின் அளவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 50 மில்லிமீட்டர் மழையில் 15 மில்லிமீட்டர் வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வயலிலிருந்து 225 கன மீட்டர் தண்ணீர், இரண்டு மணி நேரத்தில் வருகிறது. தாழ்வில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 2.6 லிட்டர். மற்றப் பகுதியில் மீட்டருக்கு 0.17 லிட்டர்தான். சுமார் பதினாறு மடங்கு வித்தியாசம். புல்வேர் மண் மணிக்கு 25 மில்லிமீட்டர் உறிஞ்சினால், அந்த 120 சதுர மீட்டர் இரண்டு மணி நேரத்தில் 6 கன மீட்டரை உள்ளே இழுக்கும். வந்தது 225. மற்றதெல்லாம் புல்லைச் சாய்த்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? தாழ்வு இருக்கும் இடத்தில் பட்டையை 25 மீட்டராக மேல்நோக்கி விரித்து, தண்ணீரை 40 மீட்டர் நீளத்துக்குப் பரப்பிவிட்டால் தொடும் பரப்பு 1,000 சதுர மீட்டர் ஆகும், விகிதம் 15:1க்கு இறங்கிவிடும். மீட்டருக்கு வரும் தண்ணீர் நொடிக்கு 0.8 லிட்டராகக் குறையும். மீதமுள்ள 160 மீட்டர் கரையில் தண்ணீர் பரவலாகத்தானே வருகிறது, அங்கே 7 மீட்டரே போதும். அது 1,120 சதுர மீட்டர், விகிதம் சுமார் 13:1. மொத்தம் 2,120 சதுர மீட்டர். முதலில் நினைத்த 2,000ஐவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கிட்டத்தட்ட அதே அளவு நிலத்தைத் தண்ணீர் வரும் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறோம்.

இப்படிச் செய்த பிறகும் தாழ்வில் வரும் 225 கன மீட்டரில் 50 கன மீட்டர்தான் மண்ணுக்குள் இறங்கும். மீதி ஓடைக்குப் போகும், ஆனால் மெதுவாக, வண்டலைப் புல்லில் விட்டுவிட்டுப் போகும். கரைந்த பாஸ்பரஸில் கணிசமான பங்கும் அதோடு போய்விடும். அதற்கு வயலில் உரம் போடும் அளவையும் நேரத்தையும்தான் திருத்த வேண்டும்.

சரிவு கூடக்கூட இந்தக் கணக்கு இறுகும். தண்ணீர் வேகமாக வரும், புல்லுக்குள் தங்கும் நேரம் குறையும். 10 சதவீதத்துக்கு மேல் சரிவான வயலில் ஓடைக்கரைப் பட்டையை மட்டும் நம்பாமல், வயலுக்குள்ளேயே சமமட்டக் கோட்டில் இடைப்பட்டைகள் விட்டு வேகத்தை மேலேயே உடைப்பது நல்லது.

நான்காம் படி: கூடி வரும் தண்ணீரைப் பரப்புதல்

தண்ணீரைப் பரப்பப் பெரிய கட்டுமானம் எதுவும் வேண்டாம். பட்டையின் மேல் விளிம்பில், சமமட்டக் கோட்டிலேயே, சுமார் 30 செ.மீ. ஆழம் 60 செ.மீ. அகலத்தில் ஒரு வாய்க்கால் எடுக்க வேண்டும். இரு முனைகளும் அடைத்திருக்கும். தாழ்வில் வரும் தண்ணீர் இதில் நிரம்பி, ஓடைப்பக்க விளிம்பு நெடுக வழியும். அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் விளிம்பின் மட்டம் சரியாக வராவிட்டால் மொத்த வேலையும் வீண்.

நம் வயல் கணக்கில் 40 மீட்டர் விளிம்பில் நொடிக்கு 31 லிட்டர் வழிகிறது. அப்போது விளிம்பின் மேல் தண்ணீரின் உயரம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். விளிம்பில் ஓரிடம், ஆறேழு மீட்டர் நீளத்துக்கு, 2 செ.மீ. தாழ்ந்திருந்தால் போதும், மொத்தத் தண்ணீரும் அந்த வழியாகவே போய்விடும். மறுபடியும் பழைய கதைதான். எனவே கண்ணால் மட்டம் பார்ப்பது இதற்கு உதவாது. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை வைத்து இரண்டு மீட்டருக்கு ஒரு முளை அடித்து, எல்லா முளைத் தலையும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகு மண்ணைச் சேர்க்க வேண்டும். மண் அமுங்கும் என்பதால் ஒரு மழை கழித்து மறுபடி அளந்து திருத்துங்கள். விளிம்பில் விதை போட்டுவிட்டுக் காத்திருக்காமல், வேரோடு வெட்டிய புல்கரணைகளைப் பதிப்பது பாதுகாப்பு.

பரப்பிய தண்ணீர் பட்டைக்குள் இறங்கியதும் திரும்பத் தாழ்வை நோக்கிக் கூடப் பார்க்கும். தாழ்வின் அடியில் கொஞ்சம் மண் நிரப்பி மேடு பள்ளம் இல்லாமல் ஆக்குங்கள். 25 மீட்டர் பட்டையில் பாதி வழியில், சமமட்டத்தில், அடர்ந்த புல் வரிசையோ இன்னொரு ஆழமில்லாத விளிம்போ வைத்தால் தண்ணீர் மறுபடி பரவும்.

ஐந்தாம் படி: எங்கே புல், எங்கே மரம்

வயலை ஒட்டிய பகுதி முழுக்கப் புல். மரம் அங்கே கூடாது, நிழல் விழுந்தால் புல் மெலிந்து மண் தெரியும், தண்ணீர் அந்த இடைவெளியில் ஓடும். ஓடையை ஒட்டிய சில மீட்டரில் மரமும் புதரும். அவற்றின் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், உதிரும் இலை மண்ணுக்குக் கரிமம் தரும். இடையில் நிலம் இருந்தால் வெட்டிப் பயன்படுத்தக்கூடிய மரங்கள் வைக்கலாம். அமெரிக்க வனத்துறைக்காக 1991இல் வெல்ஷ் எழுதிய மூன்று மண்டல வடிவம் இதுதான். அதில் கரை மரம் சுமார் 4.5 மீட்டர், நடு மரக்காடு 18 மீட்டர், புல் 6 மீட்டர். அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

புல் தேர்வில் பார்க்க வேண்டியது இரண்டு குணங்கள். தண்டு விறைப்பாக நிற்க வேண்டும், தரை தெரியாத அளவுக்கு நெருக்கமாகப் பரவ வேண்டும். உயரமாகக் குத்துக் குத்தாக வளரும் புல் தூரத்திலிருந்து அடர்த்தியாகத் தெரியும். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தால் தூருக்குத் தூர் உள்ளங்கை அகல மண் வெறுமையாகக் கிடக்கும். தண்ணீர் போவது அந்த அடிப்பாகத்தில்தான். குத்துப்புல் வைப்பதானால் இடைவெளியில் படரும் புல் கலந்து விதையுங்கள். எந்தப் புல்லானாலும் வேர்பிடித்து மூடும் வரை, அதாவது முதல் பருவம் முழுக்க, பட்டையிடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது.

ஆறாம் படி: மண்ணுக்கடியில் வரும் நைட்ரேட்

மேலே சொன்னதெல்லாம் நிலத்தின் மேல் வரும் தண்ணீருக்கு. நைட்ரேட்டின் பெரும்பகுதி நிலத்துக்கடியில் வருகிறது, அதை நீக்குவது மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள். காற்றில்லாத ஈர மண்ணில், இலைமக்கும் வேரும் தரும் கரிமத்தைத் தின்று வாழும்போது, ஆக்சிஜனுக்குப் பதிலாக அவை நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதில் சேமிப்பு எதுவும் இல்லை, அது உண்மையிலேயே மண்ணை விட்டுப் போய்விடுகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேறும் என்பது இதன் ஒரு குறை.

இது நடக்க வேண்டுமானால் நிலத்தடி நீர் வேர் எட்டும் ஆழத்தில், கரிமம் உள்ள மண் வழியாகக் கசிய வேண்டும். மேரிலாந்தின் ரோட் ஆற்றுப் பகுதியில் பீட்டர்ஜானும் கொரெலும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மக்காச்சோள வயலுக்குக் கீழே இருந்த சுமார் 50 மீட்டர் கரைக்காடு தனக்கு வந்த தழைச்சத்தில் 89%, மணிச்சத்தில் 80% தக்கவைத்தது. நைட்ரேட் குறைவின் பெரும்பகுதி காட்டுக்குள் முதல் 19 மீட்டரிலேயே நடந்துவிட்டது. ஆனால் அங்கே அடியில் நீர் புகாத களிமண் அடுக்கு இருந்தது, தண்ணீர் மேலாகத்தான் போயாக வேண்டும். அடியில் ஆழமான மணலும் சரளையும் இருக்கும் இடத்தில் தண்ணீர் வேர்களுக்குக் கீழே நழுவி, ஓடையின் அடியில் போய் எழும்பும். அங்கே இந்தச் சதவீதம் கிடைக்காது.

உங்கள் நிலம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள மண் துளைக்கருவியால் பட்டை வரும் இடத்தில் ஒன்றரை மீட்டர் துளை போட்டுப் பாருங்கள். ஈரமான பருவத்தில் ஒரு மீட்டருக்குள் தண்ணீர் எட்டுகிறதா? எடுத்த மண் சாம்பல் நிறமாக, நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகளோடு இருக்கிறதா? அப்படியானால் அது காற்று குறைந்த மண், நைட்ரேட் நீக்கத்துக்கு ஏற்றது. அடிவரை ஒரே பழுப்போ சிவப்போ, உதிரும் மணலோ என்றால் நைட்ரேட்டுக்காக அகலத்தைக் கூட்டுவதில் அர்த்தம் குறைவு. அந்த நிலத்தை வண்டலுக்கான அளவோடு நிறுத்திக்கொண்டு, நைட்ரேட்டை வயலிலேயே குறைக்கப் பாருங்கள்.

ஏற்ற மண்ணில் எவ்வளவு அகலம்? ஸ்வீனியும் நியூபோல்டும் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நிலத்தடி நைட்ரேட் நீக்கத்தின் இடைமதிப்பு 40 மீட்டருக்குக் குறைவான பட்டைகளில் 55%, அதற்கு மேல் 89% என்று வந்தது. மேயரும் குழுவும் 2007இல் செய்த தொகுப்பாய்வும் இதையே வேறு விதமாகச் சொன்னது: 50 மீட்டருக்கு மேற்பட்டவை நம்பகமாக நீக்குகின்றன, 25 மீட்டருக்குக் குறைந்தவற்றில் முடிவு இடத்துக்கு இடம் மாறுகிறது. குறுகிய பட்டையில் மிக நல்ல முடிவும் உண்டு, ஒன்றுமே நடக்காத இடமும் உண்டு. எந்தப் பக்கம் விழப்போகிறோம் என்பதை அந்தத் துளை மண் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

இதையெல்லாம் சேர்த்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவு இது. மிதமான சரிவில், பரவலாக வரும் தண்ணீரில் வண்டலும் அதோடு வரும் மணிச்சத்தும் நோக்கம் என்றால் 7 முதல் 10 மீட்டர் புல். கூடி வரும் இடங்களில் விகிதம் 15:1ஐ ஒட்டி வரும்படி விரித்துக்கொள்ள வேண்டும். நிலத்தடி நைட்ரேட்டும் வேண்டும், மண்ணும் ஏற்றது என்றால் மரம் சேர்த்து 30 மீட்டருக்கு மேல். ஓடையில் வாழும் உயிர்களும் நிழலும் கணக்கில் வந்தாலும் 30 மீட்டர்தான், ஸ்வீனியும் நியூபோல்டும் அதைத்தான் குறைந்தபட்சமாக வைக்கிறார்கள்.

வயலடியில் குழாய் வடிகால் இருந்தால் ஒரு தனி வழி உண்டு. குழாயை ஓடையில் விடாமல், மட்டம் கட்டுப்படுத்தும் தொட்டி ஒன்றின் மூலம், பட்டையின் மேல் விளிம்பில் கரைக்கு இணையாகப் புதைத்த துளைக்குழாய்க்குத் திருப்புகிறார்கள். தண்ணீர் பட்டையின் மண்ணுக்குள் கசிந்து ஓடையை அடைகிறது. பேர் கிரீக் பகுதியில் ஜேய்ன்ஸும் ஐசன்ஹார்டும் இதைச் சோதித்து 2014இல் எழுதினார்கள், குழாய் நீரில் சுமார் 55% இப்படிப் பட்டைக்குள் திருப்ப முடிந்தது. கரை மிக உயரமாகச் செங்குத்தாக இருந்தால் மண் நனைந்து சரியும் ஆபத்து உண்டு என்பதால், இதை மட்டும் அனுபவமுள்ள ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

பராமரிப்பு: இரண்டு இடங்களில்தான் கெடும்

முதலாவது, வயலும் புல்லும் சந்திக்கும் கோடு. உழும்போது கலப்பை புரட்டும் மண்ணும், புல்லில் மோதிப் படியும் வண்டலும் சேர்ந்து அங்கே ஒரு சிறு வரப்பு எழும்பும். பட்டை நன்றாக வேலை செய்வதால் வருவதுதான் இது, ஆனால் விட்டுவிட்டால் பட்டையையே செயலிழக்க வைத்துவிடும். தண்ணீர் புல்லுக்குள் நுழைய முடியாமல் வரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, உடைப்பு கிடைத்த இடத்தில் மொத்தமாகப் பாயும். பட்டை விளிம்புக்கு இணையாக ஒரு கீறல் ஓடியிருந்தால் இது தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 10 செ.மீ. எழும்பியதுமே மண்ணை வெட்டி வயலுக்குள் திரும்பப் போட்டுவிட்டு, வெறுமையான இடத்தில் புல் பதியுங்கள். அந்த மண்ணில் உங்கள் உரமும் இருக்கிறது, அதை வயலுக்கே கொடுப்பதுதான் சரி. பரப்பு வாய்க்காலில் படிந்த வண்டலையும் அப்படியே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. நைட்ரேட்டைப் போல பாஸ்பரஸ் காற்றில் போகாது. பிடித்ததெல்லாம் பட்டையிலேயே சேர்ந்துகொண்டிருக்கும், ஒரு கட்டத்தில் மண் நிறைந்து, மழைத் தண்ணீரில் கரைந்து வெளியேறத் தொடங்கும். அதை வெளியே எடுக்க இருக்கும் எளிய வழி புல்லை அறுத்து, கட்டாயம் அங்கிருந்து அப்புறப்படுத்துவது. அறுத்த புல்லை அங்கேயே போட்டால் ஒன்றும் எடுக்கவில்லை என்றுதான் கணக்கு. பெருமழைக் காலத்துக்கு முன் புல் மீண்டும் தழைக்க நேரம் இருக்கும்படி, தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுங்கள். மழையில் ஊறிய பட்டையில் டிராக்டரோ மாடோ ஏறக் கூடாது. மண் இறுகிவிட்டால் அந்த 25 மில்லிமீட்டர் உறிஞ்சும் திறன் போய்விடும், குளம்புத் தடங்களே வாய்க்காலாகிவிடும். பட்டைக்கு உரம் போடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வயலுக்கு வீசும் உரம் பட்டையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் தவறுவது அங்கேதான்.

மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பட்டையின் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்துப் பாஸ்பரஸ் அளவு பாருங்கள். வயல் மண்ணைவிட அதிகமாக ஏறியிருந்தால் அறுத்து எடுப்பதைக் கூட்ட வேண்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மேல் தண்ணீருக்கு ஒரே மழையில் இரண்டு பாட்டில் போதும். பட்டைக்குள் நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று. இரண்டையும் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணின் உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் கூடி வரும் இடத்தில் கட்டாயம் எடுக்க வேண்டும். நன்றாக வடிகிற ஓரத்தில் மட்டும் எடுத்தால் பட்டை எப்போதுமே பிரமாதமாகத்தான் தெரியும்.

நிலத்தடிக்கு வயல் விளிம்பில் ஒன்று, ஓடையோரம் ஒன்று என்று அடியில் துளையிட்ட இரண்டு பிவிசி குழாய்களை நட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும். நைட்ரேட்டை மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம், கூடவே குளோரைடையும் பாருங்கள். குளோரைடை பாக்டீரியா தொடாது, செடியும் பெரிதாக எடுக்காது. உதாரணமாக வயல் பக்கம் நைட்ரேட் 12, ஓடைப் பக்கம் 3 என்று, லிட்டருக்கு மில்லிகிராமில் வருகிறது. குளோரைடு இரண்டு பக்கமும் 30ஐ ஒட்டியே இருந்தால் நைட்ரேட் உண்மையில் நீங்கியிருக்கிறது. குளோரைடும் 30லிருந்து 8ஆகக் குறைந்திருந்தால் நடந்தது வெறும் கலப்புதான், ஓடையோரம் வேறு எங்கிருந்தோ நல்ல தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அப்போது இன்னும் ஆழமாக ஒரு குழாய் நட்டு, வயல் தண்ணீர் கீழே எந்த மட்டத்தில் போகிறது என்று தேட வேண்டும்.